தண்ணீரைக் கொட்டினால் போதாது

வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் பாலமுனை முதல் கல்முனை வரையான கரையோர ஊர்களில் டெங்குக் காலம் தொடங்குகிறது. ஈடிஸ் நுளம்பு சீமெந்துத் தொட்டி, வாளி, பாவனையற்ற கிணறு ஆகியவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். காய்ந்தாலும் அம்முட்டை பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டுவது அரைவேலைதான். உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக வழக்கமாக ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுப்பதால், வீட்டார் இதை வாரம் ஒருமுறை செய்தால் போதும். இறைக்க முடியாத கிணற்றில் கப்பி மீன் விடுவதும், சிரட்டை, டயர், யோகட் கோப்பைகளைத் தவறாமல் அள்ளுவதும் சுகாதாரப் பிரிவினதும் சபை ஊழியரினதும் பொறுப்பு. புகையடிப்பு பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். குடம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. என்றாலும் கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் மக்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நோயாளி இனங்காணப்பட்ட வீட்டையும் அயலையும் சுற்றி, உடனடியாக அடிக்கும்போதே அதற்குப் பயன் உண்டு.