கணக்கு முடங்கியதா, சர்வர் முடங்கியதா?

2024 மார்ச் 5, இந்திய நேரப்படி இரவு எட்டரை மணிக்கு மேல் ஃபேஸ்புக் பலரைத் தானாகவே லாக்-அவுட் செய்தது. சரியான பாஸ்வேர்டைப் போட்டும் உள்ளே போக முடியவில்லை. ‘யாரோ ஹேக் பண்ணிட்டாங்க’ என்று பதறி, பாஸ்வேர்டை மாற்ற முயன்றவர்கள் உண்டு. உண்மையில் பழுது மெட்டா நிறுவனத்தின் பக்கம். சுமார் இரண்டு மணி நேரத்தில் சரியானது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், முதலில் திரையில் வருவதைப் படியுங்கள். உங்கள் கணக்கை மட்டும் முடக்கியிருந்தால், பெரும்பாலும் அதைச் சொல்லும் அறிவிப்பும் மேல்முறையீடு செய்யும் வழியும் அங்கேயே இருக்கும். வெறும் ‘Something went wrong’ என்று வந்தால், வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேருக்கு போன் போட்டுக் கேளுங்கள். அவர்களுக்கும் திறக்கவில்லை என்றால் பொதுப் பழுது, காத்திருங்கள். அவர்களுக்குத் திறக்கிறதென்றால், உங்கள் கணக்கை பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோளாறு ஆப்பில்தான். அப்டேட் செய்து பாருங்கள்.

எதிலும் திறக்காமல், மறுநாளும் அப்படியே இருந்தால் மீட்பு வேலையில் இறங்கலாம். அதற்குமுன் வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த சாட்கள் போய்விடும்.