நாலாம் நாளும் சர்க்கரைதானா?

சென்ற இதழில் வந்த ‘விக்கலுக்கு எதற்கு வைத்தியர்?’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை, இதை நம்பி யாரோ ஒருவர் வீட்டில் நாலாம் நாளாகச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே என்ற நினைப்பு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. இரைப்பை, குடல் நோய்களைப் பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் சொல்வதைத் திரட்டினால் நான்கு வாதங்கள் தேறும். விக்கல் நோயே அல்ல, எத்தனை நாள் இருந்தாலும் தானே போய்விடும். சர்க்கரைக்கு அடங்குகிற விக்கலுக்குப் பின்னால் நோய் இருக்க முடியாது. அமெரிக்காவில் ஒருவர் 68 ஆண்டுகள் விக்கியும் நன்றாக வாழ்ந்தார். சோதனைகள் எல்லாம் பணம் பறிக்கும் வேலை. கடைசியில், விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி சொன்னதே போதும் என்று முடித்திருக்கிறார். பாட்டியை விட்டுவிடுவோம். அவர் நாலு நாள் விக்கலைப் பற்றிச் சொல்லவில்லை.

முதல் வாதம் அரை உண்மை என்பதால்தான் ஆபத்தானது. அவசரமாகச் சாப்பிட்டதாலும் சோடா குடித்ததாலும் வரும் விக்கல் சில நிமிடங்களில் போய்விடும். அதற்கு யாரும் வைத்தியரிடம் ஓட வேண்டாம். ஆனால் மருத்துவத்தில் விக்கலுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. 48 மணி நேரத்தைத் தாண்டினால் அது நீடித்த விக்கல். ஒரு மாதத்தைத் தாண்டினால் தீராத விக்கல். இந்த எல்லை எதற்கென்றால், அதைத் தாண்டியதும் கேள்வியே மாறிவிடுகிறது. அதுவரை ‘எப்படி நிறுத்துவது’ என்று கேட்கலாம். அதன் பிறகு ‘எது கிளப்பிவிடுகிறது’ என்றுதான் கேட்க வேண்டும். கட்டுரையாளர் ஐந்து நிமிட விக்கலைப் பற்றித் தெரிந்ததை எடுத்து ஐந்து நாள் விக்கலுக்குப் பூசிவிட்டார். தும்மலைப் பற்றி எழுதிவிட்டு நிமோனியாவைப் பற்றி எழுதிவிட்டதாக நினைப்பது போலத்தான் இது.

விக்கல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்தப் பிழை இன்னும் தெளிவாகும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் திடீரென்று சுண்டி இழுக்கிறது. காற்று உள்ளே பாய்கிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் குரல்வளை அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பின் ஓசைதான் ‘விக்’. இதை ஒரு அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிப்பது உதரவிதானத்தில். ஆனால் அதன் ஒயர் நீளமானது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தில் தொடங்கி, நெஞ்சு வழியாக, இதயத்தை ஒட்டி இறங்குகிறது. வேகஸ் நரம்போ மூளைத்தண்டிலிருந்து தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, குடல் என்று வயிறு முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. இந்த ஒயரில் எந்த இடத்தில் எது அழுத்தினாலும் மணி ஒரே இடத்தில்தான் அடிக்கும். அமிலம் புண்ணாக்கிய உணவுக்குழாய் அழுத்தலாம். ஊதிப்போன இரைப்பை அழுத்தலாம். உதரவிதானத்துக்குக் கீழே சீழ் கட்டிய கல்லீரலும் அழுத்தலாம்.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். வாயில் சர்க்கரை போடுவதும், மூச்சை அடக்குவதும், தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பதும் சில சமயம் வேலை செய்யும். தொண்டையில் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டியோ மூச்சின் தாளத்தை மாற்றியோ அவை மணியைச் சற்று நேரம் அமுக்கிப் பிடிக்கின்றன. பொத்தானில் இருக்கும் விரலை அவை எடுப்பதில்லை. ‘சர்க்கரையில் நின்றது, ஆகவே நோய் இல்லை’ என்பது, மணியின் மேல் துணியைச் சுற்றிவிட்டு வாசலில் யாரும் இல்லை என்று சொல்வதற்குச் சமம். நின்ற விக்கல் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து, நின்று, மறுபடி வந்தால் அந்தக் கணக்கு 48 மணி நேரத்தில்தான் சேரும். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து எண்ணக் கூடாது.

வயிறு சம்பந்தப்பட்ட ஒரு உதாரணத்தைக் கட்டுரையாளர் செய்தித்தாளிலேயே பார்த்திருக்கலாம். 2021 ஜூலையில் பிரேசில் அதிபராக இருந்த ஜைர் போல்சனாரோவுக்கு விக்கல் பிடித்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஒரு வாரத்தைத் தாண்டியும் விடவில்லை. நேரலையில் பேசும்போதே விக்கினார், மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பல் சிகிச்சைக்குப் பின் எடுத்த மருந்துதான் காரணம் என்று அவரே நினைத்தார். ஜூலை 14 அன்று வயிற்று வலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது தெரிந்தது குடல் அடைப்பு. மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டுத் தேங்கிய திரவத்தை வெளியே எடுத்தார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று பேசப்பட்டது. நல்லவேளையாகத் தேவைப்படவில்லை, சில நாட்களில் வீடு திரும்பினார்.

இந்தக் கதையின் திறவுகோல் 2018 செப்டம்பரில் இருக்கிறது. தேர்தல் பிரசாரத்தில் அவர் வயிற்றில் கத்திக்குத்து வாங்கினார். அதன் பிறகு பல முறை வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். திறந்த வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தழும்புப் பட்டைகள் உருவாவது வழக்கம். அந்தப் பட்டையில் குடல் மடங்கினால் பாதை அடைபடும். அடைபட்ட இடத்துக்கு மேலே காற்றும் திரவமும் தேங்கி, குடலும் இரைப்பையும் உப்பி, ஒயரை அழுத்தும். ஆகவே நாட்கணக்கில் விக்கலோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது இவைதான்: வயிற்றில் எப்போதாவது ஆபரேஷன் நடந்ததா? கடைசியாகக் காற்றுப் பிரிந்தது எப்போது? மலம் கழித்தது எப்போது? வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் 48 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்க வேண்டும். இந்த அடைப்பைச் சந்தேகிக்க ஐந்து பைசா செலவில்லாத இந்தக் கேள்விகள் போதும். கட்டுரையாளர் இரண்டு பக்கத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூட இடம் ஒதுக்கவில்லை.

நம் ஊரில் இன்னொரு காரணத்தையும் மறக்க முடியாது. நாற்பது வயதுக்காரர் ஒருவர், மது குடிக்கும் பழக்கம் உள்ளவர், நான்கு நாளாக விக்கல் என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கேஸ்’ என்று நினைத்து ஜெலுசில் குடித்துப் பார்த்திருக்கிறார். துருவிக் கேட்டால் இரவில் குளிர் காய்ச்சல், பசியில்லை, வலது விலாவுக்குக் கீழே கனம். வலது தோளிலும் வலி என்று அதற்குத் தனியாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தோள் வலிதான் முக்கியமான துப்பு. உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டையின் உணர்ச்சியும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால், உதரவிதானம் உறுத்தப்பட்டால் மூளை அதைத் தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. விக்கல், காய்ச்சல், வலது தோள் மூன்றும் சேர்ந்தால் கல்லீரல் சீழ்க்கட்டியைத் தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும். அமீபாவால் வந்த கட்டி என்றால் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்துக்கே கட்டுப்படும். கட்டி பெரிதாக இருந்தால் ஊசி வைத்துச் சீழை எடுப்பார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் அது நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உடையலாம். சர்க்கரையால் அதைத் தடுக்க முடியாது.

68 ஆண்டு மனிதர் என்று கட்டுரையாளர் காட்டுவது அயோவா மாநிலத்து விவசாயி சார்லஸ் ஆஸ்போர்னை. 1922 முதல் 1990 வரை விக்கினார் என்பது உண்மை. அவர் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்ததே அப்படி வேறு யாருக்கும் நடக்காததால்தான். மாடியிலிருந்து விழுந்து பிழைத்த ஒருவரைக் காட்டி மாடிப்படி எதற்கு என்று கேட்பார்களா?

கடைசி வாதத்தில் மட்டும் அவருக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். விக்கல் என்றதும் தலை முதல் கால் வரை ஸ்கேன் எழுதும் வைத்தியம் உண்டு, அது தவறு. எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் தெரியாத விக்கலும் உண்டு. ஆனால் முறையான வரிசை மலிவான சோதனைகளில்தான் தொடங்குகிறது. முதலில் நோயாளியின் கதை, மருந்துச் சீட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. ஸ்டீராய்டு மருந்துகளாலும் விக்கல் வரும் என்பதால் சீட்டு முக்கியம். அடுத்து ஈ.சி.ஜி. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு சிலருக்கு ‘கேஸ்’ போலவும் விக்கலாகவும் வரலாம். பிறகு ரத்தத்தில் சோடியம், கிரியேட்டினின், சர்க்கரை, அணுக்கள். அதன் பிறகு நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட். தலைசுற்றல், முகத்தில் ஒரு பக்க மரப்பு, நடையில் தள்ளாட்டம் சேர்ந்திருந்தால் மட்டும் உடனே மூளையைப் பார்க்க வேண்டும்.

எண்டோஸ்கோப்பியும் எல்லோருக்கும் வேண்டாம். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் மட்டும் உள்ளவருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் மேலேறி விக்கலைக் கிளப்பும். விக்கலும் உணவுக்குழாயின் அடி வாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே ஏற்றும். எது முதலில் வந்தது என்று பிரிப்பது சுலபமல்ல. ஆனால் சோறு இறங்கும்போது அடைக்கிறது, எடை குறைகிறது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ரத்த சோகை, நேற்றுச் சாப்பிட்டது இன்று அப்படியே வாந்தியாக வருகிறது — இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உணவுக்குழாய்ப் புற்றும், இரைப்பையின் வாசல் அடைப்பும் இப்படித்தான் அடையாளம் காட்டும். அப்போது எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான நஷ்டம்.

‘மருந்துக் கடையில் ஒரு விக்கல் மாத்திரை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது’ என்று போகிற போக்கில் எழுதியிருப்பதையும் விட முடியாது. விக்கலை அடக்க நாங்கள் கொடுக்கும் குளோர்பிரோமசின் வயதானவரின் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி விழவைக்கும். பாக்லோஃபென் சிறுநீரகம் பழுதானவரின் உடம்பில் தேங்கி அவரைக் குழப்பத்திலும் மயக்கத்திலும் தள்ளும். சிறுநீரகப் பழுதே விக்கலுக்கு ஒரு காரணம் என்பதை நினைத்தால், கடையில் கேட்டு வாங்குகிற அந்த மாத்திரை யார் கைக்குப் போகும் என்று புரியும்.

யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒருவர் 48 மணி நேரம் விடாமல் நினைக்கிறார் என்றால், அது யார் என்று போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அவர் பெரும்பாலும் வயிற்றுக்குள்தான் இருப்பார்.