பட்டனை அமுக்கினால் மனுஷன் வந்துடுவானா?

முதலிலேயே சொல்லிடறேன், இது ஒரு புலம்பல் பதிவு. கணினியில் பாட்டு டிராக் செய்கிற மக்களும், தமிழ்ச் சங்க விழாவுக்குப் பிள்ளைகளைப் பாட வைக்கிற பெற்றோர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். மற்றவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம் :-)

போன பொங்கல் விழாவில் இங்கே புனேயில் ஒரு பத்து வயசுப் பொண்ணு மேடையில் பாடினாள். வீட்டில் தம்புராப் பெட்டியோடு பாடும்போது ஒரு இடம் கூடப் பிசகாதவள், மேடையில் சரணத்துக்குள் நுழையும் இடத்தில் இரண்டு தடவை தப்பாக நுழைந்தாள். "பாப்பா பயந்துட்டா" என்று எல்லோரும் முடித்துவிட்டார்கள். அவள் அம்மாவும் அதையே நம்பி, வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

தப்பு பாப்பா மேல் இல்லை, டிராக் மேல். செய்தவர் எங்கள் குழு நண்பர் ஒருவர். கேட்டுவிட்டு "சூப்பர்" என்று தலையாட்டியவன் அடியேன். "அண்ணே, டிரம்ஸ் மெஷின் மாதிரி இருந்துச்சு, ஹியூமனைஸ் போட்டாச்சு, இப்ப ஆள் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அவர். நானும் நம்பினேன். விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிடி ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது.

கணக்கைச் சொல்கிறேன், பெரிய கணக்கு இல்லை. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு. அதாவது ஒரு தட்டுக்கு 600 மில்லிசெகண்ட். மென்பொருள் ஒரு தட்டை 480 டிக்காகப் பிரிக்கிறது, ஆக ஒரு டிக் 1.25 மில்லிசெகண்ட். நண்பர் ஹியூமனைஸ் பட்டனில் வைத்திருந்தது முன்னே பின்னே 20 டிக். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்தப் பட்டன் ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. ஒரு பாரில் இரண்டாம் தட்டு ஸ்னேர் 18 டிக் முன்னால் ஓடிவிட்டது, அதே பாரின் நாலாம் தட்டு ஸ்னேர் 15 டிக் பின்னால் தங்கிவிட்டது. 1200 மில்லிசெகண்ட் இருக்க வேண்டிய இடைவெளி 1241 ஆகிவிட்டது. அடுத்த பாரில் அதுவே சுருங்குகிறது. பாடுகிறவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற கைப்பிடிச் சுவரே அந்த ஸ்னேர்தான். சுவர் ஆடினால் குழந்தை என்ன செய்யும்?

இன்னொரு கூத்து. முதல் தட்டில் கிக்கும் ஹை-ஹாட்டும் ஒன்றாக விழ வேண்டும். கிக் 14 டிக் முன்னால், ஹை-ஹாட் 17 டிக் பின்னால். கிட்டத்தட்ட 39 மில்லிசெகண்ட் பிளவு. இருபது முப்பது மில்லிசெகண்டைத் தாண்டினாலே காது அதை ஒரே அடியாகக் கேட்காது, "தடக்" என்று இரண்டாகக் கேட்கும். ஒரே உடம்பின் கையும் காலும் ஒரே சமயத்தில் இறங்கும்போது இவ்வளவு பிரியாது. ரெண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வாசிப்பது போல இருந்தது. இதற்குப் பெயர் ஹியூமனைஸாம்!

என் சண்டை இதுதான். மனுஷன் வாசிப்பது சமமில்லாமல் இருக்கும், உண்மை. அதற்காகச் சமமில்லாததெல்லாம் மனுஷ வாசிப்பு ஆகிவிடாது. அவன் வாசிப்பில் உள்ள ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் உடம்பில் காரணம் இருக்கிறது. எந்தக் கை, குச்சியின் எந்தப் பகுதி, எவ்வளவு உயரத்திலிருந்து, முந்தின அடி எது. மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைக் கேளுங்கள், வலந்தலையும் தொப்பியும் ஒரே மாதிரி விழாது என்று சொல்லும். சீட்டுக் குலுக்கலுக்குக் கை கால் கிடையாது.

இது என் கற்பனை மட்டும் இல்லை. ஹோல்கர் ஹெனிக் என்பவரும் அவர் சகாக்களும் 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மனிதர்கள் வாசிக்கும் தாளத்தில் உள்ள சின்னப் பிசகுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, இப்போதைய பிசகு முன்னால் நடந்ததன் நினைவோடு வருகிறது என்று கண்டார்கள். அப்படித் தொடர்புள்ள பிசகு வைத்த பாட்டையும், தொடர்பே இல்லாத குலுக்கல் பிசகு வைத்த பாட்டையும் போட்டுக் காட்டியபோது, கேட்டவர்கள் முதலாவதைத்தான் அதிகம் விரும்பினார்கள். 2015-ல் வேறொரு குழு, மைக்கேல் மெக்டொனால்டின் 1982 பாட்டு ஒன்றில் ஜெஃப் போர்காரோ ஒற்றைக் கையால் வாசித்த ஹை-ஹாட்டை அடி அடியாக அளந்தார்கள். நேரத்திலும் பலத்திலும் அங்கேயும் அதே கதை. ஏற்ற இறக்கம் உண்டு, அது குலுக்கல் இல்லை.

சரி, குறை சொல்வது சுலபம், நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அதே டிராக்கில் எல்லா டிரம் அடியையும் மறுபடி கிரிட்டில் உட்கார வைத்தேன். பிறகு நேரத்தைத் தொடவே இல்லை, வெலாசிட்டியை மட்டும் கையில் எடுத்தேன். இந்த வரிசை முக்கியம். "மெஷின் மாதிரி இருக்கு" என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, அடிகள் எல்லாம் ஒரே பலத்தில் விழுவதால் வருவது. நேரம் அப்புறம்தான்.

ஹை-ஹாட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பாரில் எட்டு அடி, எல்லாம் 100-ல் இருந்தது (வெலாசிட்டி 1 முதல் 127 வரை). நிஜ டிரம்மரின் கை தட்டில் இறங்கும்போது குச்சியின் தோள் பகுதி ஹை-ஹாட்டின் விளிம்பில் படும், மேலே ஏறும்போது நுனி மட்டும் மேல்பரப்பில் படும். அதனால் தட்டு பலமாகவும் நடு அடி மெலிசாகவும் வரும். நான் போட்டது 96, 66, 90, 70, 94, 64, 88, 72. இரண்டாம், நாலாம் தட்டில் கொஞ்சம் குறைத்திருப்பதைக் கவனியுங்கள். கையைக் குறுக்கே வைத்து வாசிப்பவர்களுக்கு அப்போது இடது கை அடியிலிருந்து எழும்பி ஸ்னேரை ஓங்கி அடிக்க வேண்டும். இவ்வளவு மட்டும் செய்துவிட்டுக் கேட்டேன். ஒரு டிக் கூட நகர்த்தாமல், பாட்டு நடக்க ஆரம்பித்துவிட்டது.

ஸ்னேர் இரண்டாம் தட்டில் 108, நாலாம் தட்டில் 112. இரண்டாம் தட்டின் கடைசிக் கால்பங்கில் ஒரு கோஸ்ட் நோட், அதாவது குச்சி ஓரங்குல உயரத்திலிருந்து தானாக விழுவது போன்ற ஒரு முணுமுணுப்பு. பலரும் கோஸ்ட் நோட் என்று 70-ல் போட்டு வைக்கிறார்கள். அது முணுமுணுப்பு இல்லை, குறுக்கே பேசுவது. நான் 38-ல் வைத்தேன். கிக்கில், இரண்டாம் தட்டின் பாதியில் ஒன்றும் மூன்றாம் தட்டில் ஒன்றும் அடுத்தடுத்து வருகிறது. கால் முதலில் லேசாக மிதித்து இரண்டாவதில் அழுத்தும், ஆகவே 82, பிறகு 102.

(எண்களை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். ஒவ்வொரு டிரம் ஒலித் தொகுப்பும் வெலாசிட்டியை ஒவ்வொரு மாதிரி ஒலியாக மாற்றும். உங்கள் தொகுப்பில் ஸ்னேருக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது என்றால், 38-ல் கேட்பது மெலிசான அடி இல்லை, வால்யூம் குறைத்த பலத்த அடி. அங்கே என்ன மாற்றினாலும் தேறாது, முதலில் பல அடுக்குப் பதிவு உள்ள தொகுப்புக்கு மாறுங்கள்.)

இப்போது நேரம். கிக்கைக் கிரிட்டிலேயே விட்டேன். ஸ்னேரை எல்லா பாரிலும் 8 டிக் பின்னால் வைத்தேன், 10 மில்லிசெகண்ட். அதிலிருந்து ஒன்றிரண்டு டிக் மட்டும் கூடக் குறைய. கவனியுங்கள், பின்னால் இருப்பது தப்பில்லை, எப்போதும் ஒரே அளவு பின்னால் இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பவரின் சுபாவம் அது, பாடுபவர் நாலு பாரில் பழகிவிடுவார். மெலடிக்கு இது பொருந்தும். வேகமான குத்துப் பாட்டில் இப்படிப் பின்னால் இழுத்தால் பாட்டு நொண்டும், அங்கே பூஜ்யத்தில் வைப்பதே மேல். கிக்கோடும் ஸ்னேரோடும் ஒன்றாக விழும் ஹை-ஹாட்டை அதனதன் துணையிலிருந்து 4 டிக்குக்கு மேல் பிரிய விடவில்லை.

சரணத்துக்கு முன்னால் டாமில் நாலு அடி ஃபில். பாப்பா தடுமாறிய இடமே இதுதான். அங்கே நண்பரின் டிராக்கில் ஹை-ஹாட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. டாமுக்கு ரெண்டு கை, ஹை-ஹாட்டுக்கு மூன்றாவது கை எங்கேயிருந்து வந்தது? ஹை-ஹாட்டை அழித்தேன். வலது இடது மாறி மாறி விழும் என்பதால் 100, 86, 106, 94 என்று வைத்தேன். ஃபில்லில் டிரம்மர்கள் கொஞ்சம் முந்துவது சகஜம், ஆகவே 2, 4, 5, 5 டிக் முன்னால். ஆனால் அடுத்த பாரின் முதல் தட்டு கிக், ஒரு டிக் கூட நகராமல் கிரிட்டில். எவ்வளவு விளையாடினாலும் வீட்டு வாசலில் சரியாக வந்து நிற்க வேண்டும், பாப்பா நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்.

"அதெல்லாம் சரி, நாலு நிமிஷப் பாட்டுக்கு இப்படி ஒவ்வொன்றாக உட்கார்ந்தால் விடிந்துவிடும்" என்றார் நண்பர். விடியாது. எட்டு பார் ஒழுங்காகச் செய்து, அதை ஒட்டிக்கொண்டு போய், ஒட்டின இடங்களில் ரெண்டு மூன்று அடியை மட்டும் மாற்றினேன். சரணத்தில் வேகத்தையே 100-லிருந்து 101 ஆக்கினேன். ஆள் வாசித்தால் உற்சாகத்தில் எல்லாமே சேர்ந்து நகரும், கிக் ஒரு பக்கம் ஸ்னேர் ஒரு பக்கம் ஓடாது. மொத்தம் ரெண்டு சாயங்காலம். இதெல்லாம் முடிந்தபின் பட்டனை 2 டிக்கில் வைத்து அமுக்கினால் ஒன்றும் குடி முழுகாது. ரசத்தின் மேல் கொத்துமல்லி தூவுகிற மாதிரி. கொத்துமல்லியே ரசம் ஆகாது என்பதுதான் என் வாதம்.

சோதிக்க ஒரு வழி. ஸ்பீக்கர் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, பழைய டிராக்கையும் புதியதையும் ஒரே சத்த அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள், கூடவே பாடுங்கள். பாடும்போது டிரம்ஸை நீங்கள் தேட வேண்டியிருந்தால் நேரம் கெட்டிருக்கிறது. டிரம்ஸ் உங்களைக் குத்திக்கொண்டே இருந்தால் வெலாசிட்டி கெட்டிருக்கிறது.

போன வாரம் அந்தப் பொண்ணை அம்மாவோடு வீட்டுக்கு வரச்சொல்லி, ரெண்டு டிராக்கையும் போட்டுப் பாடச் சொன்னேன். எது எது என்று சொல்லவில்லை. பழையதில் மறுபடி அதே இடத்தில் தடுமாறினாள். புதியதில் மூன்று தடவையும் சரியாக நுழைந்தாள். அம்மா ஒன்றும் பேசவில்லை, பொண்ணு தலையை மட்டும் தடவிக் கொடுத்தார். கிளம்பும்போது அவள், "அங்கிள், நடுவுல யாரோ மேசையைத் தட்டுற மாதிரி ஒண்ணு கேக்குதே" என்றாள். கோஸ்ட் நோட். 38 அதிகம்தான், 30-க்கு இறக்கிவிட்டேன்.