பதில் இல்லாத வணக்கப் பட்டியல்



நேற்று சாயங்காலம் என் பழைய மாணவி ஒருத்தி அபிராமபுரம் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்ஸ். அடுத்த மாதம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறாள். வாட்ஸ்அப்பில் வந்த "ஐம்பது அரபு வார்த்தைகள்" என்ற பட்டியலைக் காட்டி, "சார், இதை மனப்பாடம் பண்ணினா போதுமா?" என்றாள். பார்த்தேன். எல்லாம் பாதிதான். சொல்வது இருக்கிறது, பதில் இல்லை. என்னைக் கேட்டால் பதில்தான் முக்கியமான பாதி.

பணி ஓய்வுக்குப் பிறகு மகளோடு மஸ்கட்டில் நான்கு வருடம் இருந்தேன். முதல் வாரம் பக்கத்து வீட்டு ஓமானி அம்மா மாடிப்படியில் "ஸபாஹுல் ஹைர்" என்றார். நானும் நம் ஊர் "குட்மார்னிங்" மாதிரி அதையே திருப்பிச் சொன்னேன். தப்பில்லை, ஆனால் உப்பில்லாத சாம்பார். அவர் சொன்னது "நன்மையான காலை". எதிர்பார்ப்பது "ஸபாஹுன் நூர்", அதாவது "ஒளியான காலை". மாலையானால் "மஸாவுல் ஹைர்", அதற்குப் பதில் "மஸாவுன் நூர்". வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் தருவதுதான் அங்கே மரியாதை. மருந்துக்கடையில் இருந்த எகிப்துக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய் "ஸபாஹுல் ஃபுல்" என்பார். ஃபுல் என்றால் மல்லிகை. மயிலாப்பூர் மாட வீதியில் முழம் போட்டு விற்கிறார்களே, அதே பூ! சிரியா, லெபனான் பக்கத்து ஆட்களிடம் "மர்ஹபா" என்றால் "மர்ஹப்தேன்" என்பார்கள். "இரண்டு மர்ஹபா" என்று பொருள். சமஸ்கிருதம் போல அரபியிலும் இருமை உண்டு. அதை வணக்கத்துக்கே செலவழிக்கிறார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" நமக்குப் புதிதல்ல, தெருமுனைக் கடை பாய் சொல்லிக் கேட்டிருக்கிறோம். "உங்கள் மேல் அமைதி" என்று அவர் சொன்னால், சொற்களை முன்பின்னாக மாற்றி "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்கிறோம். வந்த வணக்கத்துக்கு அதைவிட நல்லதாகவோ, குறைந்தது அதற்கு இணையாகவோ பதில் சொல்லச் சொல்கிறது குர்ஆன். அதனால்தான் சிலர் "வ ரஹ்மதுல்லாஹி" என்று கருணையையும், அதற்கு மேல் "வ பரக்காத்துஹு" என்று அருள்வளத்தையும் சேர்ப்பார்கள். யார் முதலில் சொல்வது என்பதற்கும் வழக்கம் உண்டு: நடந்து வருபவர் உட்கார்ந்திருப்பவருக்கு, இளையவர் மூத்தவருக்கு, சிலர் பலருக்கு. வார்டுக்குள் நுழைகிற நர்ஸ்தான் முதலில் சொல்ல வேண்டும், நோயாளி அல்ல.

என் மாணவிக்கு அதிகம் உதவப்போவது பட்டியலிலேயே இல்லாத ஒன்று. வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்து "யஅத்தீக்கல் ஆஃபியா" என்பார்கள். "ஆண்டவன் உனக்கு நல்ல தெம்பைக் கொடுக்கட்டும்" என்பது பொருள். நம் கடலோர முஸ்லிம் ஊர்களில் ஆரோக்கியத்துக்கு "ஆபியத்" என்கிறார்களே, அதே சொல்தான். இதற்கு "ஷுக்ரன்" என்று நன்றி சொல்லி நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அல்லா யஆஃபீக்" என்று அதே நலத்தை அவருக்கும் திருப்ப வேண்டும். கேட்பவர் பெண்ணானால் பொதுவாக "யஆஃபீகி". ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப் மாற்றும்போது ஒரு பாட்டி இதைச் சொல்லி, இவள் சரியாகப் பதில் சொன்னால், அந்தப் பாட்டி இவளைத் தன் பெண்ணாகவே நினைத்துக்கொள்வார்.

யாராவது தும்மினால் நம் வீடுகளில் "நூறு வயசு", "தீர்க்காயுசு" என்போம். அங்கே தும்மியவரே முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அதைக் கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்று ஆண்டவன் கருணையை வேண்டுவார். தும்மியவர் மறுபடி "யஹ்தீகுமுல்லாஹ்" என்று, ஆண்டவன் உங்களுக்கு நல்வழி காட்டட்டும் என்பார். ஒரு தும்மலுக்கு மூன்று வரி வசனம்! தும்மியவர் முதல் வரியைச் சொல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லத் தேவையில்லை.

"இன்ஷா அல்லாஹ்" என்றால் நடக்காது என்று நம் ஆட்கள் கிண்டல் செய்வதை நான் ஏற்பதில்லை. நாம் சொல்லும் "பார்க்கலாம்" மட்டும் என்ன யோக்கியம்? இரண்டிலும் அர்த்தம் தொனியில் இருக்கிறது. இதையும் "அல்ஹம்துலில்லாஹ்"வையும் அரபுக் கிறிஸ்தவர்களும் தினமும் சொல்கிறார்கள். எந்த மதத்தவரும் தயங்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த ஓமானி அம்மாவின் தாயார் தவறியபோது போயிருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கைகட்டி நின்றுவிட்டு வந்தேன். "அழ்ழமல்லாஹு அஜ்ரகும்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆண்டவன் உங்கள் நற்பலனைப் பெருக்கட்டும் என்பது அது. "அஜ்ரனா வ அஜ்ரகும்", எங்களுக்கும் உங்களுக்கும், என்று அவர் பதில் சொல்லியிருப்பார். இது பிறகுதான் தெரிந்தது. மாணவியின் நோட்டில் இதை முதல் பக்கத்திலேயே என் கையால் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருக்கும் பிள்ளைகள் யாராவது, உங்கள் ஊரில் வேறு மாதிரிப் பதில் சொல்கிறார்கள் என்றால் கீழே எழுதுங்கள். அவள் கிளம்புவதற்குள் சேர்த்துக் கொடுக்கிறேன்.