நாலு மூட்டை எடுப்பவர் மொத்த வாடிக்கை அல்ல

மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "டீக்கடைக்காரர் வாரம் ஒரு மூட்டை சீனி எடுக்கிறார், மெஸ்காரர் மாதம் முப்பதாயிரத்துக்கு வாங்குகிறார். இன்னும் எதுக்கு நூறு கிராம் கடுகு மடிச்சுக்கிட்டு இருக்கீங்க? சில்லறையை விடுங்க, மொத்தத்துக்கு மாறுங்க." நிரந்தரமாகப் பெரிய அளவில் வாங்கும் ஆட்கள் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று எல்லோரும் நம்புகிறார்கள். இருபது வருடமாக மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற நான் இதை மறுக்கிறேன். அந்த நம்பிக்கையால் ஒரு நல்ல கடை நொடிந்ததை என் கண்முன்னே பார்த்தேன்.

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். கடைக்கார அண்ணாச்சி மதுரை கீழமாசி வீதியில் கொள்முதல் செய்வார். மாதம் ஆறு லட்ச ரூபாய் சில்லறை விற்பனை. செலவுக்கு முன் நூற்றுக்குப் பன்னிரண்டு நின்றது. அதாவது எழுபத்திரண்டாயிரம், பெரும்பகுதி ரொக்கம். மெஸ் ஒன்று, டீக்கடை இரண்டு, கல்யாணச் சமையல்காரர் ஒருவர் என்று நாலு பெரிய கணக்குகள் இருந்தன. இவர்களை நம்பி முன்கடையை எடுத்துவிட்டு, பின்னால் குடோன் பிடித்தார்.

அந்த நாலு பேரும் யார் என்று அவர் யோசிக்கவில்லை. நாலு பேரும் சரக்கைத் தீர்ப்பவர்கள். ஒருவர்கூட மறுபடி விற்பவர் இல்லை. மெஸ்காரர் மாதம் முப்பதாயிரத்துக்கு வாங்கினார் என்றால் ஒரே நாளில் லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. காலை ஆறு மணிக்குப் பையன் வந்து நிற்பான்: "அண்ணாச்சி, துவரம்பருப்பு ரெண்டு கிலோ, புளி அரைக்கிலோ, மாஸ்டர் சீக்கிரம் வரச் சொன்னாரு." நோட்டில் எழுதிக்கொண்டு ஓடுவான். அவருக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் இருக்கும் கடை, எல்லாப் பொருளும் ஒரே இடத்தில், கேட்ட அளவில். விலையில் ஒரு ரூபாய் கூடினாலும் அவர் பேசவில்லை. மூட்டையாக மட்டும்தான் தருவேன் என்று அண்ணாச்சி சொன்ன மாதமே அவர் எதிர்க்கடைக்குப் போனார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

மொத்த வியாபாரத்தின் உண்மையான வாடிக்கை பெட்டிக்கடைக்காரரும் கிராமத்துச் சிறு மளிகைக்காரரும்தான். அவர்கள் வாங்குவது தங்கள் லாபத்துக்கு இடம் விடும் விலையை. சோப்பு, பிஸ்கட், டீத்தூள் பாக்கெட் எதுவும் உங்களிடம் வாங்கத் தேவையில்லை. ஏஜென்சி வண்டி அவர்கள் கடை வாசலுக்கே லைன் வருகிறது. உங்களுக்கு மிஞ்சுவது சீனி, பருப்பு, அரிசி, மைதா, வற்றல், எண்ணெய் டின். அதற்கும் அவர்கள் ஏற்கெனவே கீழமாசி வீதி விலையைப் போனில் கேட்டு வைத்திருப்பார்கள். அந்த மண்டிக்காரர் நேற்று வரை உங்களுக்குச் சரக்கு கொடுத்தவர். இன்று உங்கள் போட்டியாளர்.

அடுத்தது பணம். இதில்தான் பெரிய இடி. அண்ணாச்சி ஏழெட்டு மாதத்தில் மாதம் பதினைந்து லட்சம் விற்பனைக்கு வந்தார். ஊரே மெச்சியது. மூட்டைச் சரக்கில் நூற்றுக்கு மூன்று நின்றால் நாற்பத்தைந்தாயிரம். வாங்குகிற கடைகளுக்கு ஒரு மாதத் தவணை. ஆகவே எந்த நாளிலும் பதினைந்து லட்சம் வெளியில் நிற்கும். குடோனில் பத்து நாள் சரக்கு ஐந்து லட்சம். மண்டியில் அவருக்குக் கிடைத்தது ஏழு நாள் தவணைதான், அதனால் மூன்றரை லட்சம் குறைகிறது. மீதிப் பதினாறரை லட்சத்தையும் அவர் ஒன்றரை வட்டிக்குப் புரட்டினார். மாத வட்டி ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம். மிச்சம் இருபதாயிரத்தில் குடோன் வாடகை, சுமைக்கூலி, டீசல், இரண்டு பையன்கள் சம்பளம். இரண்டரை மடங்கு விற்று, முன்பு நின்றதில் மூன்றில் ஒரு பங்கு கூட நிற்கவில்லை. இதில் ஒரு கடைக்காரர் அறுபதாயிரம் பாக்கியோடு ஊரைவிட்டுப் போனார். அதை ஈடுகட்ட இருபது லட்சத்துக்கு மேலும் விற்க வேண்டும்.

மொத்த வியாபாரம் என்பது சரக்கைத் தவணைக்குக் கொடுக்கும் வட்டித் தொழில் என்று இதனால்தான் சொல்கிறேன். வட்டிக்கடைக்காரர் நகையை வாங்கி வைத்துக்கொள்வார். நீங்கள் வெறும் சிட்டையை வைத்துக்கொள்கிறீர்கள்.

வரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அண்ணாச்சி ஆரம்பத்தில் ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருந்தார். வருட விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் வியாபாரி வரிக்குரிய விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கட்டினால் போதும். ஆனால் பில்லில் வரி போட முடியாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. மெஸ்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் ஐந்து சதவீத வரி கட்டும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரிக்கழிவு கிடையாது. பதிவு பெற்ற கடைக்காரர் அப்படி இல்லை. 2,000 ரூபாய்ச் சீனி மூட்டைக்கு மண்டியில் வரி 100 கட்டினால் அதை அவர் கழித்துக்கொள்வார். அண்ணாச்சி பில்லில் அந்த 100 செத்த காசு. மாதம் பதினைந்து லட்சம் என்றால் வருடம் ஒரு கோடியே எண்பது லட்சம். திட்டத்தை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். அதன்பின் விற்பனைக் கணக்கை நேரத்தோடு ஏற்ற வேண்டும். நீங்கள் ஏற்றாவிட்டால் வாங்கியவருக்குக் கழிவு வராது, அடுத்த லோடுக்கு அவரும் வரமாட்டார்.

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்கடையை மூடாமல், சீனி, பருப்பு, எண்ணெய் மூன்றை மட்டும் எடுத்து, மறுபடி விற்கிற பத்துக் கடைகளுக்குத் தனி நோட்டில் போட்டுப் பார்க்கலாம். முந்தின பில்லைக் கட்டினால்தான் அடுத்த சரக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பில் டு பில் என்று இதைத்தான் சொல்கிறோம். ஒருவர் பழைய பில்லில் பாதி கட்டிவிட்டு முன்னைவிடப் பெரிய ஆர்டர் கொடுத்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். அவர் உங்கள் சரக்கை அடக்கவிலைக்கும் கீழே விற்று வேறு கடனை அடைத்துக்கொண்டிருப்பார். ஆறு மாதம் கழித்து வட்டியையும் கழித்து என்ன நின்றது என்று பாருங்கள். சில்லறையில் நிற்பதைவிட அது குறைவு என்றால் அந்த நோட்டை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடைக்காரரிடமும் நிலுவைத் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும்.

அண்ணாச்சி இப்போது அதே தெருவில், பழைய இடத்தில் பாதி அளவில், மறுபடி சில்லறைக் கடை போட்டிருக்கிறார். அவர் பேரேட்டில் இன்னும் 1,85,000 ரூபாய் வரவேண்டியது நிற்கிறது. ஒரு பக்கத்தில்கூட யாருடைய கையெழுத்தும் இல்லை. மூன்று வருடம் போன ஆடியோடு முடிந்துவிட்டது.