ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு?

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். யூடியூபில் நெல் சாகுபடி பற்றிக் காணொளி போடுகிறான். "மாமா, நவம்பரில் ஆயிரம் பார்வைக்கு 62 ரூபாய் விழுந்தது. மாதம் 5 லட்சம் பார்வை வந்தால் 31,000. அம்மா வளையலை வைத்து நல்ல கேமரா வாங்கப் போகிறேன், வேலையையும் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றான். மாதத் தவணை 7,500.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'மூன்றின் விதி' என்று ஒரு கணக்கை அங்கே மனதில் ஏற்றிவிடுவார்கள். மூன்று எண் தெரிந்தால் நாலாவது கிடைக்கும். ஆனால் விகிதம் மாறாமல் இருந்தால்தான் அந்த விதி செல்லும். மருமகன் தவறியது அங்கேதான்.

ஆயிரம் பார்வைக்குக் கைக்கு வரும் தொகையை ஆர்.பி.எம். என்கிறார்கள். விளம்பரதாரர் கொடுப்பது இதைவிட அதிகம். நீளமான காணொளிகளில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு, மீதி யூடியூபுக்கு. விளம்பரம் ஓடாத பார்வைகளும் அந்த ஆயிரத்தில் அடக்கம்.

விளம்பரத்துக்கு விலை ஏலத்தில் முடிவாகிறது. நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துப் பருத்தி ஏலம் மாதிரிதான். பஞ்சு அதே பஞ்சாக இருந்தாலும், வியாபாரிகள் நிறையப் பேர் வந்த நாளில் விலை ஏறும், வராத நாளில் இறங்கும். காப்பீடு, வீட்டுக் கடன், பங்குச் சந்தை பற்றிப் பேசினால், ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாலே ஆயிரக்கணக்கில் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் போட்டி போடும். நகைச்சுவைக் காணொளிக்கு அப்படிப்பட்ட குறிப்பான வாடிக்கையாளர் இல்லை. தீபாவளிக்கு முன் துணிக்கடையும் நகைக்கடையும் பணத்தைக் கொட்டும். மேல்நாட்டில் டிசம்பர் வரை அதே கதை. ஜனவரி பிறந்தால் செலவைச் சுருக்கிக்கொள்வார்கள், நமக்கும் குறையும்.

நாடும் முக்கியம். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதில் பேச்சு குறைவு, சமையல்தான் அதிகம். தமிழ் தெரியாதவரும் உட்கார்ந்து பார்க்கலாம். நம் மருமகன் வட்டாரத் தமிழில் யூரியாக் கணக்குச் சொல்கிறான். அதைப் பார்ப்பவர் ஒரத்தநாட்டிலும் பாபநாசத்திலும் இருப்பார். அவனுடைய உழைப்பு குறைவில்லை. ஆனால் அமெரிக்காவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு விளம்பரம் காட்ட நிறுவனங்கள் கொடுக்கும் விலையை இங்கே பார்ப்பவருக்காகக் கொடுப்பதில்லை.

"ஒரு மாதக் கணக்கு வேண்டாம், ஒரு வருஷத்தைக் காட்டு" என்றேன். அலுவலகத்தில் விளைச்சல் மதிப்பிடுவதைப் பார்த்தவன் நான். செழித்த வயலைப் பார்த்து மகசூல் எழுதமாட்டார்கள். குலுக்கல் மாதிரி ஏதாவது ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து எடை போடுவார்கள். நவம்பர் அவனுடைய செழித்த வயல்.

பன்னிரண்டு மாதத்தில் 9,60,000 பார்வை, 36,480 ரூபாய் வருமானம். ஆக ஆயிரத்துக்கு 38 ரூபாய். அதையும் பிரித்துப் பார்த்தோம். உள்நாட்டுப் பார்வை 8,64,000, அதற்கு ஆயிரத்துக்கு 25 ரூபாய். மாப்பிள்ளைச் சம்பா பற்றிய காணொளியை ஊர் நினைப்பில் சிங்கப்பூரிலும் கனடாவிலும் பார்த்தவர்களால் வந்த வெளிநாட்டுப் பார்வை 96,000. அதற்கு 155 ரூபாய். பத்தில் ஒரு பங்கு பார்வைதான் ஐந்தில் இரண்டு பங்கு பணத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

இப்போது மாதம் சராசரி 80,000 பார்வை, 3,040 ரூபாய். அது 5 லட்சமாகப் பெருகினால், புதிதாக வரும் 4,20,000 பார்வையும் பெரும்பாலும் உள்ளூர்தான். ஆயிரத்துக்கு 25 என்றால் 10,500. பழையதோடு சேர்த்து 13,540. அவன் சொன்ன 31,000 எங்கே, இது எங்கே! பார்வை கூடும்போது விகிதம் இறங்குவது இப்படித்தான்.

அந்த 5 லட்சமும் இன்னும் கனவுதான். ஜனவரியில் அவனுக்கு வந்தது 60,000 பார்வை, ஆயிரத்துக்கு 26 வீதம் 1,560 ரூபாய். ஆகவே 1,560 முதல் 3,040 வரை என்று எழுதிக்கொள், நவம்பர் மாதிரி வந்தால் அது போனஸ் என்றேன். இன்னொன்றும் உண்டு. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அவன் வருமானத்துக்கு அது சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. தவணையோ மாதாமாதம் வந்து நிற்கும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ இந்த போனிலேயே எடுக்கட்டுமா மாமா?" என்றான். "எடு. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் கேட்கிற பழைய நெல் ரகங்களை இன்னும் நாலு போடு. அடுத்த சம்பா அறுவடை முடிந்ததும் இதே நோட்டில் மறுபடி கணக்குப் போடுவோம்" என்றேன்.

வளையல் இப்போதைக்குத் தங்கை கையில்தான் இருக்கிறது.