எக்ஸிகியூட்டிவ் ரஷ்யாவுக்குப் போனால்...

நம் ஊர்க் கம்பெனிகளில் 'எக்ஸிகியூட்டிவ்' என்றால் யார் என்று நமக்குத் தெரியும். பட்டப்படிப்பு முடித்து வேலையில் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே கிடைக்கும் பெயர் அது. 'மேனேஜர்' அவருக்கு மேலே இருப்பவர். விடுமுறைக்குக் கையெழுத்துப் போடுபவர். இந்த இரண்டு சொற்களையும் அப்படியே ரஷ்ய மொழிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஏணி தலைகீழாகிவிடும். அகராதியைப் பார்த்து எழுதினால் எக்ஸிகியூட்டிவ் 'இஸ்பல்னீத்தில்னி திரெக்தர்' ஆகிவிடுவார். அதாவது நிறுவனத்தையே நடத்தும் நிர்வாக இயக்குநர். மேனேஜரோ வெறும் 'மெனெஜர்' ஆகிவிடுவார். ரஷ்ய மொழி பேசும் ஊர்களில் கைப்பேசிக் கடையில் பொருள் விற்பவரும் மெனெஜர்தான்.

கிள்ளானைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பரிந்துரைக் கடிதம் இப்படித்தான் என் மேசைக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ரஷ்ய மொழியில் என்ன வேலை கிடைக்கும் என்று பலர் கேட்பார்கள். வோல்கோகிராத், கூர்ஸ்க், நீஷ்னி நோவ்கொரத் என்று ரஷ்ய நகரங்களில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களின் சான்றிதழ்கள் வரும். 2024 மார்ச்சில் ஏர் ஆசியா எக்ஸ் விமானம் கோலாலம்பூரிலிருந்து கஸகஸ்தானின் அல்மாத்தி நகருக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பக்கத்து வேலையும் கொஞ்சம் வருகிறது. அங்கே அலுவலகங்களில் ரஷ்ய மொழி பரவலாகப் புழங்குகிறது.

அந்தப் பெண்ணைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டு வேலை. பதவி, சீனியர் எக்ஸிகியூட்டிவ். அல்மாத்தியில் அதே துறையில் ஒரு வேலைக்கு மனுச் செய்திருந்தார். மேனேஜர் ஆங்கிலத்தில் மனம் நிறைந்து ஒரு கடிதம் கொடுத்திருந்தார். ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்த உறவினர் ஒருவர் அதை மொழிபெயர்த்தும் கொடுத்துவிட்டார். "ஒரு தடவை பார்த்துட்டு சாப் மட்டும் அடிச்சுக் குடுங்க, அண்ணே" என்றார் கவிதா.

உறவினரின் ரஷ்ய மொழி நன்றாகவே இருந்தது. ஆனால் அது வார்டிலும் மாணவர் விடுதியிலும் பழகிய மொழி. மேனேஜரின் ஆங்கிலக் கடிதமும் தோளில் தட்டிக்கொடுக்கும் பாணியில் இருந்தது. எங்கள் குழுவின் நட்சத்திரம், வேலையில் பேஷன் உள்ளவர், கெடு தேதியை முடிப்பதில் அக்ரெசிவ், புதியவர்களிடம் சிம்பதெட்டிக் என்றெல்லாம் எழுதியிருந்தார். இங்கே இதில் ஒரு குறையும் இல்லை.

ரஷ்ய மொழியில் 'ஸ்த்ராஸ்னயா' என்றால் மோகம் கொண்டவள் என்ற வாடை அடிக்கும். 'அக்ரெஸ்ஸீவ்னயா' என்றால் சண்டைக்காரி. 'சிம்பதீச்னயா' என்றால் பார்க்க இலட்சணமானவள். 'ஸ்வெஸ்தா', அதாவது நட்சத்திரம், தவறில்லை. ஆனால் தலைக்கனம் பிடித்தவரைப் பற்றிச் சொல்ல 'நட்சத்திர நோய்' என்றே அந்த மொழியில் ஒரு வழக்கு உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால், மோகமும் சண்டைக் குணமும் கொண்ட ஓர் அழகான நிர்வாக இயக்குநரை, சாதாரண மெனெஜர் ஒருவர் பரிந்துரைக்கிறார் என்று ஆகிறது. சிரிப்பு வரலாம். ஆனால் அங்கே இருக்கும் பணியமர்த்தும் அதிகாரி சிரிக்கமாட்டார். 'இயக்குநர்' என்ற சொல்லைக் கவிதாவின் சுயவிவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பெண் பதவியை ஊதிக் காட்டுகிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்.

பதவிகளை முதலில் சரிசெய்தோம். கவிதா, 'ஆவணப் பிரிவின் மூத்த நிபுணர்' என்று பொருள்படும் 'ஸ்தார்ஷி ஸ்பெத்சியலிஸ்த்' ஆனார். மேனேஜர், 'ருக்கவதீத்தில் அத்தியேலா', அதாவது பிரிவுத் தலைவர் ஆனார். சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்காமல், அந்த நாற்காலியில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டுத்தான் பதவிகளை எழுத வேண்டும்.

பாராட்டுதான் கடினமான பகுதி. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. சோவியத் காலத்தில் ஒருவர் வெளிநாடு போக வேண்டுமென்றாலும் வேலையிடத்திலிருந்து 'ஹரக்திரீஸ்திகா' என்ற குணச்சான்று வாங்க வேண்டும். நிர்வாகம், கட்சிக் கிளை, தொழிற்சங்கம் என மூவர் கையெழுத்திடுவார்கள். 'ஒழுக்கத்தில் உறுதியானவர், அரசியல் அறிவுள்ளவர்' என்று அச்சில் வார்த்த மாதிரி ஒரே வாசகங்கள் எல்லாருக்கும். நல்லவருக்கும் அதுதான், சுமாரானவருக்கும் அதுதான். அந்தச் சான்றின் நிழல் இன்றைய பரிந்துரைக் கடிதத்திலும் விழுகிறது. 'பொறுப்பானவர், கடமை உணர்வுள்ளவர்' என்ற வரிகள் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ குறை என்று நினைப்பார்கள். ஆனால் அவற்றை மட்டும் படித்து யாரும் யாரையும் நம்புவதில்லை. நம் பொன்னாடை விழாக்களில் 'செந்தமிழ்ச் செம்மல்' என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து உட்காருவதில்லையே, அதுபோல.

அப்படியானால் அன்பை எங்கே வைப்பது? சம்பிரதாய வரிகளுக்கு நடுவே, உண்மையாக நடந்த ஒன்றில் வைக்க வேண்டும். அதை நானே கற்பனை செய்து சேர்க்க முடியாது. மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை மொழிபெயர்ப்பில் சேர்த்தால் அது மொழிபெயர்ப்பே அல்ல. மேனேஜரும் தான் சொல்லாததற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும். அதனால் கவிதாவைத் திருப்பி அனுப்பினேன். அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை மேனேஜர் நினைவுபடுத்தி ஆங்கிலக் கடிதத்திலேயே எழுதித் தரட்டும் என்றேன்.

இரண்டு நாளில் புதிய கடிதம் வந்தது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முதல் நாள். கப்பல் கிளம்பச் சில மணி நேரமே இருந்தது. பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவரின் பெயர், வங்கிக் கடன் கடிதத்தில் உள்ள பெயரிலிருந்து ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கவிதா கண்டுபிடித்திருக்கிறார். அப்படியே போயிருந்தால் வங்கி பணம் தர மறுத்திருக்கும். கப்பல் நிறுவனத்தின் அலுவலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்து, திருத்திய ஆவணத்தை வாங்கி வந்திருக்கிறார்.

இதை மொழிபெயர்க்க எனக்குப் பெயரடைகளே தேவைப்படவில்லை. ரஷ்ய மொழியில் பில் ஆஃப் லேடிங்குக்குக் 'கனசமென்த்' என்று பெயர். அந்தச் சொல்லும் நடந்த கதையும் போதும். அதே தொழிலில் இருப்பவருக்கு உடனே புரியும். புதியவர்களிடம் பரிவு என்பதற்கு 'அத்ஸீவ்சிவயா' என்று ஒரு நல்ல சொல் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருபவர் என்று நாம் சொல்வோமே, அது. கடைசியில் மேனேஜர், அவர் போவதில் தனக்கு வருத்தம் என்று எழுதியிருந்தார். 'வருத்தத்தோடு விடைகொடுக்கிறோம்' என்பது ரஷ்ய அலுவல் நடையிலேயே கௌரவமான வாசகம். அடக்கமாக இருக்கும், ஆனால் எல்லாருக்கும் எழுதமாட்டார்கள்.

இனி பெயர். 'கவிதா ஏ/பி சுப்பிரமணியம்' என்று கடப்பிதழில் இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை என்பது அங்கே யாருக்கும் தோன்றாது. கடைசியில் நிற்கும் சுப்பிரமணியத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, கடிதம் முழுக்கத் 'திரு சுப்பிரமணியம் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று எழுதிவிடுவார்கள். ரஷ்ய மொழியில் இறந்தகால வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். தமிழில் 'அவர் செய்தார்' என்று மரியாதைக்குள் ஒளிந்துகொள்ளலாம். அங்கே அந்த வசதி இல்லை. ஆக, மகளின் நான்கு ஆண்டு உழைப்புக்கான புகழ் அப்பாவுக்குப் போய்ச் சேரும்.

வேடிக்கை என்னவென்றால், தந்தை பெயரைச் சுமப்பது ரஷ்யர்களுக்குப் புதிதல்ல. பியோத்தரின் மகள் ஆன்னாவை 'ஆன்னா பெத்ரோவ்னா' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். நம் ஏ/பி சொல்வதும் அதைத்தானே! ஆனால் அவர்களின் படிவங்களில் தந்தை பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது என்பதற்காக, அதில் நாமாக ஒரு 'சுப்பிரமணியமோவ்னா'வை உருவாக்கி நிரப்பக் கூடாது. கடப்பிதழில் இல்லாத பெயர் வேறு ஆளின் பெயர் ஆகிவிடும். முதல் வரியில் முழுப் பெயரையும் கடப்பிதழில் உள்ளபடியே எழுதி, 'சுப்பிரமணியத்தின் மகள்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு 'திருமதி/செல்வி' என்ற பொருள்தரும் 'கஸ்பஷா' சேர்த்து, கவிதா என்றே தொடர்ந்தேன்.

நம் இளைஞர்களுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. ரஷ்ய மொழியில் பெயருக்கும் வேற்றுமை உருபு சேரும். கவிதாவை, கவிதாவுக்கு, கவிதாவோடு என்று நாம் சொல்வதுபோலவே அங்கும் பெயரின் வால் மாறும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தால், பெயரை வரிக்கு வரி தவறாக அடித்திருக்கிறார்கள் என்று பதறுவார். தமிழ் பேசுபவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ழகரப் பெயர்க்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதும்போது அது 'ஷ'வும் 'ஜ'வும் கலந்த ஓர் ஒலியாகிவிடும். கோழிக்கோடு ரஷ்ய வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. யாழினி எந்த எழுத்தில் போனாலும் போகட்டும். விசாவிலும் கடிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாப் பற்றிக் கவிதா கேட்டாரே! ரஷ்யாவில் 2015 முதல் நிறுவனங்களுக்கு முத்திரை கட்டாயமில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் உருண்டையான ஒரு முத்திரையைக் காணாவிட்டால் பலருக்குக் கை ஓடாது. மேனேஜர், தான் படித்துப் புரிந்துகொண்ட ஆங்கில மூலத்தில்தான் கையெழுத்தும் கம்பெனி சாப்பும் வைத்தார். மொழிபெயர்ப்பின் கீழே என் கையெழுத்து. இரண்டையும் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தேன்.

கடிதத் தலைப்பில் அலுவலகத் தொலைபேசி எண் மட்டும் இருந்தது. அல்மாத்தி நம்மைவிட மூன்று மணி நேரம் பின்னால். அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவர் விசாரிக்கக் கூப்பிட்டால் இங்கே ஆறு. போர்ட் கிள்ளானில் யார் எடுப்பார்கள்? மேனேஜரின் கைப்பேசி எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். அழைப்பு ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு வந்ததாம். அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டது ஒரே கேள்வி: கனசமென்த்தில் மாறியிருந்தது எந்த எழுத்து?

மேனேஜருக்கு ஞாபகம் இருந்தது.